செல்லுக்குள் தொலையும் வோல்ட்

பொம்மைக் காரை ஓட்ட முடியாமல் திணறும் செல்லைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால், அது இன்னும் சில மாதங்கள் முள்ளை நகர்த்திக்கொண்டிருக்கும். பல வீடுகளில் இது வழக்கம்தான். செல்லில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அத்தோடு விட்டுவிடுவார்கள். ஆனால் அதே செல்லின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 1.4 வோல்ட் காட்டும். புதுச் செல்லைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். இவ்வளவு வோல்ட் இருந்தும் காரின் மோட்டார் ஏன் சுற்ற மறுக்கிறது?

மோட்டாருக்குப் போக வேண்டிய வோல்ட்டில் பெரும்பகுதி செல்லை விட்டு வெளியே வருவதே இல்லை. மின்னோட்டம் செல்லுக்கு வெளியே உள்ள கம்பி வழியாக மட்டும் ஓடுவதில்லை; செல்லுக்கு உள்ளேயும் ஓடித்தான் சுற்றை முடிக்கிறது. உள்ளே இருக்கும் வேதிப் பசையும் கார்பன் தண்டும் துத்தநாகக் கூடும் அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் தடுக்கின்றன. இந்தத் தடைக்குப் பாடப்புத்தகம் தரும் பெயர் அகமின்தடை. செல்லின் வேதிவினை மொத்தமாகத் தரக்கூடிய வோல்ட்தான் மின்னியக்கு விசை. வெளியே நமக்குக் கிடைப்பது, அந்த மொத்தத்தில் உள்ளே தொலைந்தது போக மீதி:

V = E − Ir

E என்பது மின்னியக்கு விசை, r அகமின்தடை, I மின்னோட்டம், V வெளியே கிடைக்கும் வோல்ட். மின்னோட்டம் கூடக் கூட உள்ளே தொலைவதும் கூடும். சுவர்க் கடிகாரம் சராசரியாக ஒரு மில்லிஆம்பியர்கூட இழுப்பதில்லை. அதனால் அதற்கு இழப்பே தெரிவதில்லை. மோட்டார் அரை ஆம்பியர் கேட்கிறது. அங்கே இழப்பு பெரிதாகிவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், E, r இரண்டையும் நேராக அளக்க வழியில்லை. செல்லைப் பிளந்து உள்ளே மீட்டரை வைக்க முடியாது. வெளியே அளக்கக் கிடைப்பவை V, I என்ற இரண்டு மட்டுமே. அந்த இரண்டையும் வரைபடத்தாளில் புள்ளிகளாக வைத்து, உள்ளே இருக்கும் இரண்டையும் வெளியே எடுப்பதுதான் மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் நடக்கும் இந்தச் சோதனை.

சுற்று எளிமையானது. செல், ஒரு சுவிட்ச், ஒரு அம்மீட்டர், ஒரு ரியோஸ்டாட் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்க வேண்டும். வோல்ட்மீட்டரின் இரண்டு முனைகளும் செல்லின் உலோக முனைகளையே தொட வேண்டும். இதை அலட்சியமாக விடக்கூடாது. செல்லை வைக்கும் பெட்டியின் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்க, வோல்ட்மீட்டர் அந்த ஸ்பிரிங்குக்கு அப்பால் இருக்கும் ஒயரில் இணைக்கப்பட்டிருந்தால், துருவின் தடையும் செல்லின் கணக்கில் ஏறிவிடும். அம்மீட்டரின் தடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அது ரியோஸ்டாட்டோடு சேர்ந்து வெளித்தடையாகிவிடுகிறது.

சற்றே பயன்பட்ட, பென்சில் செல் என்று கடையில் கேட்டு வாங்கும் சாதாரணச் செல் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ரியோஸ்டாட்டை நகர்த்தி ஐந்து இடங்களில் அளவு எடுத்ததில் கிடைத்தவை இவை என்று வைத்துக்கொள்வோம்: 0.10 ஆம்பியரில் 1.39 வோல்ட், 0.20இல் 1.31, 0.30இல் 1.21, 0.40இல் 1.13, 0.50இல் 1.03. வோல்ட்டை நிமிர்ந்த அச்சிலும் மின்னோட்டத்தைக் கிடை அச்சிலும் குறித்தால், இடமிருந்து வலமாக இறங்கும் ஒரு வரிசை தெரியும். புள்ளிகள் அச்சுப் பிசகாமல் ஒரே கோட்டில் விழாது. முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் மட்டும் சேர்க்காமல், எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவாகப் போகும்படி ஒரு நேர்கோடு போட வேண்டும்.

இந்தக் கோடு அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதே அகமின்தடை. மின்னோட்டம் 0.10இலிருந்து 0.50க்கு, அதாவது 0.40 ஆம்பியர் ஏறும்போது, கோட்டில் வோல்ட் 0.36 இறங்குகிறது. 0.36ஐ 0.40ஆல் வகுத்தால் 0.9 ஓம். சாய்வு எதிர்க்குறியோடு வரும்; கோடு இறங்குகிறது என்பதைத்தான் அந்தக் குறி சொல்கிறது. தடை 0.9 ஓம்தான், மைனஸ் 0.9 அல்ல.

இனி வெட்டுத்துண்டுகள். கோட்டை இடப்பக்கம் நீட்டினால் அது வோல்ட் அச்சை 1.48இல் தொடுகிறது. அந்த அச்சில் மின்னோட்டம் சுழி. ஓட்டமே இல்லாதபோது உள்ளே தொலைவதும் இல்லை. எனவே V, E இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. செல்லின் மின்னியக்கு விசை 1.48 வோல்ட்.

"அப்படியானால் சுவிட்சைத் திறந்துவிட்டு வோல்ட்மீட்டரைப் பார்த்தாலே போதுமே, இத்தனை பாடு எதற்கு?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. இன்றைய டிஜிட்டல் மல்டிமீட்டர்களில் பலவற்றின் தடை 10 மெகாஓம் அளவில் இருக்கும். அது செல்லிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோஆம்பியரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே நேரடி அளவும் மின்னியக்கு விசைக்கு மிக அருகில்தான் வரும். ஆனால் அதே செல்லில் மீட்டர் 1.52 காட்டி, கோடு 1.48 சொல்லலாம். துத்தநாக–கார்பன் செல்லில் மிகச் சிறிய மின்னோட்டத்தில் கோடு சற்று மேல்நோக்கி வளைவதால் வரும் வேறுபாடு இது. மின்வாய்களின் மேற்பரப்பில் வேதிவினை நடக்கத் தொடங்குவதற்கே கொஞ்சம் வோல்ட் செலவாகிறது; அந்தச் செலவு V = E − Ir என்ற எளிய கணக்கில் இல்லை. இரண்டு எண்களில் ஒன்று தவறு என்று அடித்துவிடக் கூடாது. 1.52 ஓய்வில் இருக்கும் செல்லின் வோல்ட்; 1.48, வேலை செய்யும் செல்லுக்குப் பொருந்தும் எண்.

அடுத்தது மற்ற வெட்டுத்துண்டு. கோட்டை வலப்பக்கம் நீட்டிக்கொண்டே போனால் அது மின்னோட்ட அச்சை 1.65 ஆம்பியரில் தொடும். அங்கே V சுழி. செல் கொடுக்கும் 1.48 வோல்ட்டும் அதன் 0.9 ஓம் தடையிலேயே கரைந்துபோகிறது; வெளியே எதுவும் மிஞ்சவில்லை. இரு முனைகளையும் தடையே இல்லாத கம்பியால் சேர்த்துவிட்டால் நேர்வது இதுதான். இதைத்தான் ஷார்ட் சர்க்யூட் என்கிறோம். 1.48ஐ 0.9ஆல் வகுத்தாலும் ஏறக்குறைய இதே எண் வரும். கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க இது ஒரு வழி.

இந்தப் புள்ளியை யாரும் போய் அளப்பதில்லை, அளக்கவும் கூடாது. அங்கே செல்லுக்குள் கிட்டத்தட்ட 2.4 வாட் வெப்பம் பிறக்கும். செல் சூடாகும், வேதிப்பொருள்கள் வேகமாகத் தீரும், கோடும் நேராக இருக்காது. சிறிய செல்லில் இதோடு போகும். லித்தியம் பேட்டரியில் தீயே பற்றிக்கொள்ளும். 0.10 முதல் 0.50 வரை அளந்துவிட்டு 1.65 வரை கோட்டை நீட்டுவது ஒரு கணிப்பு. அதற்கு அந்த அளவுக்குத்தான் மதிப்பு.

இங்கேதான் தேர்வுத்தாள்களில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது. அளந்த வோல்ட்டுகள் எல்லாம் 1.03க்கு மேல் இருப்பதால், தாளை வீணாக்காமல் நிமிர்ந்த அச்சை 1.0 வோல்ட்டிலிருந்து தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை, சாய்வு துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் அந்தத் தாளில் கோடு அடிவிளிம்பை 0.53 ஆம்பியர் அருகிலேயே தொட்டுவிடும். அதை ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் என்று எண்ணி 1.48ஐ அதால் வகுத்தால் 2.8 ஓம் என்று வரும். உண்மையைப் போல மூன்று மடங்கு! அடிவிளிம்பில் வோல்ட் சுழி அல்ல, 1.0 என்பதை மறந்ததால் வந்த வினை. மின்னோட்ட அச்சும் சுழியில் தொடங்காவிட்டால், வோல்ட் அச்சில் படிக்கும் எண் மின்னியக்கு விசையாகவும் இருக்காது. அச்சு எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் வெட்டுத்துண்டைப் படிக்கவே கூடாது.

பொம்மைக் காரில் திணறிய அந்தப் பழைய செல்லுக்கும் இதே தாளில் ஒரு கோடு போட்டால் விஷயம் பளிச்சென்று தெரியும். அதன் மின்னியக்கு விசை 1.40 வோல்ட், அகமின்தடை 2.5 ஓம் என்று கொள்வோம். வோல்ட் அச்சில் இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தொடங்குகின்றன. மின்னோட்ட அச்சிலோ முதல் கோடு 1.65இல் இறங்க, பழைய செல்லின் கோடு 0.56இலேயே தரைதட்டிவிடுகிறது. அரை ஆம்பியர் கேட்கும் மோட்டாருக்கு அது தருவது வெறும் 0.15 வோல்ட். ஓய்வில் இருக்கும் செல்லை வோல்ட்மீட்டரால் மட்டும் சோதித்து நல்லது என்று முடிவு கட்டுவது ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. செல்லின் முதுமை வோல்ட் அச்சில் அவ்வளவாகத் தெரிவதில்லை. சாய்விலும் மற்ற வெட்டுத்துண்டிலும்தான் தெரிகிறது.

அளவெடுக்கும்போது சுவிட்சை மூடியே வைத்திருந்தால் இன்னொரு தொல்லை வரும். ரியோஸ்டாட்டைத் தொடாமலே வோல்ட் மெல்ல மெல்ல இறங்கும். வேதிவினையின் விளைபொருள்கள் மின்வாயருகே தேங்கி வழியை அடைப்பதே காரணம். அப்போது புள்ளிகள் தாளில் வளைந்து விழும். சாய்வு உண்மையைவிடக் கூடுதலாக வரும். ஒவ்வோர் அளவுக்கும் சுவிட்சைச் சில நொடிகள் மட்டும் மூடிவிட்டுத் திறப்பதும், மின்னோட்டத்தை ஏற்றியபடி ஒரு முறை, இறக்கியபடி ஒரு முறை அளப்பதும் நல்லது. இறங்கும்போது எடுத்த புள்ளிகள் முதல் கோட்டுக்குக் கீழே விழுந்தால், சோதனைக்கு நடுவிலேயே செல் களைத்துவிட்டது என்று அறியலாம்.

ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஓம் இதே தொல்லையில் சிக்கியவர்தான். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த அவர், வோல்டாவின் வகை மின்கலங்கள் அளவெடுக்கும்போதே நிலைமாறிக்கொண்டிருந்ததால் அவதிப்பட்டார். போகன்டார்ஃப் சொன்ன யோசனையை ஏற்று, 1826இல் பிஸ்மத்–செம்பு வெப்ப இரட்டைக்கு மாறினார். அதன் ஒரு சந்தியைக் கொதிநீரின் வெப்பத்திலும் மற்றதைப் பனிக்கட்டியின் குளிரிலும் வைத்தால் மின்னியக்கு விசை அசையாமல் நிற்கும். வெவ்வேறு நீளமுள்ள செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து அவர் பெற்ற சூத்திரம் X = a/(b + x). x வெளியே இணைத்த கம்பி. b அந்தக் கம்பியைத் தவிர்த்து மூலத்தையும் உள்ளிட்ட சுற்றின் மீதித் தடை. a மின்னியக்கு விசைக்கு ஈடானது. ஆக, மூலத்துக்குள் இருக்கும் தடையையும் சேர்த்தே ஓம் விதி பிறந்திருக்கிறது. பள்ளிப் பாடத்தில்தான் V = IR முதலில் வந்து, அகமின்தடை பின்னால் ஒட்டவைத்ததுபோல் வருகிறது.

கார் பேட்டரியிலும் கணக்கு இதேதான், எண்கள் மட்டும் வேறு. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 10.6க்கு இறங்குகிறது என்றால், 2 வோல்ட்டை 200ஆல் வகுத்து 0.01 ஓம் என்று கண்டுகொள்ளலாம். இரண்டே புள்ளிகளால் போட்ட கோடு என்பதால் தோராயமானதுதான். அந்தக் கோட்டை மின்னோட்ட அச்சுவரை நீட்டினால் 1,260 ஆம்பியர் வருகிறது. பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஸ்பேனர் தவறி விழுந்தால் பொறி பறந்து இரும்பு பழுக்கக் காய்வது இந்த எண்ணால்தான். மெக்கானிக்குகள் எதிர்முனைக் கேபிளை முதலில் கழற்றிவிட்டே பேட்டரியில் கை வைப்பதும் இதற்காகத்தான்.