விரலில் ஒட்டிய மாம்பழச் சாறு: குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணை எப்போது நம்பலாம்?

மாணவர்களே, உங்கள் பாட்டி இரவு உணவுக்கு முன் குளுக்கோமீட்டரில் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 12.4 என்று வருகிறது. அதாவது, லிட்டருக்கு 12.4 மில்லிமோல். மதியத்திற்குப் பிறகு பாட்டி எதுவும் சாப்பிடவில்லை. ஆனால், சற்று முன்புதான் உங்களுக்கு ஒரு மாம்பழத்தை நறுக்கிக் கொடுத்தார். அவர் கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு மீண்டும் சோதிக்கிறார். இப்போது 6.3!

ஐந்து நிமிடத்தில் இரத்தம் மாறிவிடவில்லை. முதல் முறை, விரலில் ஒட்டியிருந்த பழச்சாறும் சேர்த்து அளக்கப்பட்டுவிட்டது. பாட்டி இன்சுலின் போடுபவராக இருந்து, 12.4 என்பதை நம்பி மருந்தளவைக் கூட்டியிருந்தால், அவருடைய சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கும்.

இவ்வளவு பெரிய வேறுபாடு எப்படி வந்தது? சோதனைப் பட்டையின் நுனியில் ஒரு நொதி பூசப்பட்டிருக்கிறது. அது இரத்தத்தில் உள்ள குளுக்கோஸுடன் வினைபுரியும்போது எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. அதனால் உண்டாகும் சிறு மின்னோட்டத்தை அளந்து கருவி அதை எண்ணாக மாற்றுகிறது. பல பட்டைகளுக்கு அரை மைக்ரோலிட்டர் இரத்தமே போதும். பாட்டியின் இரத்தத்தில் அந்தச் சிறு துளியில் இருந்த குளுக்கோஸ் ஏறக்குறைய அரை மைக்ரோகிராம்தான். ஒரு சீனி மணியின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது! அதே அளவு குளுக்கோஸ் விரலிலிருந்து கலந்தால், எண் இரு மடங்காகிவிடும்.

விரலில் குத்தும் முறை

முதலில் சவர்க்காரமிட்டு, வெதுவெதுப்பான நீரில் கைகளைக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் இரத்தம் நீர்த்துப்போகும். ஆல்கஹால் பஞ்சால் துடைப்பது மட்டும் போதாது. அது பழச் சர்க்கரையை முழுமையாக நீக்குவதில்லை. கழுவ வசதி இல்லையென்றால், முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைப் பயன்படுத்தலாம்.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். இரத்தம் வரவில்லையென்றால் கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி மெதுவாக நீவலாம். நுனியை அழுத்திப் பிதுக்கக் கூடாது. திசு நீரும் கலந்து வந்து அளவைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிய ஊசியையே பயன்படுத்த வேண்டும். ஒருவருடைய ஊசியையோ குத்தும் கருவியையோ மற்றவர் பயன்படுத்தவே கூடாது.

பட்டைகளை எங்கே வைப்பது?

நொதி வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போகும். நம் நாட்டுக் காற்றிலோ ஆண்டு முழுவதும் ஈரம். அதனால்தான் பட்டைகள் வரும் குப்பியிலேயே ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைக்கப்பட்டுள்ளது. ஒரு பட்டையை எடுத்தவுடன் மூடியை இறுக மூடிவிடுங்கள். பட்டைகளை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். வெயிலில் நிற்கும் கார், அடுப்படி, குளியலறை ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். வெளியே எடுத்துத் திறக்கும்போது உள்ளே நீர்த்துளி படியும். குப்பியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். காலாவதித் தேதிக்கு முன்பே, திறந்த சில மாதங்களில் பட்டைகள் பயனற்றுப் போகலாம். எத்தனை மாதம் என்பது குப்பியிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

எப்போது சந்தேகிக்க வேண்டும்?

எல்லாம் சரியாகச் செய்தாலும் கருவி துல்லியமானதன்று. இப்போதைய அனைத்துலகத் தரநிலைப்படி, 100 அளவீடுகளில் 95, ஆய்வுக்கூட அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். குறைந்த அளவுகளுக்கு அந்த வரம்பு 0.83 மில்லிமோல். ஆகவே, உண்மையான அளவு 8.0 என்றால் 7.0 என்றோ 9.0 என்றோ வருவது இயல்பே. ஆனால் 6.3க்குப் பதில் 12.4 வருவது இயல்பன்று. அப்போது கைகளைக் கழுவி, புதிய பட்டையில் மீண்டும் சோதியுங்கள். அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால், அந்தக் கருவிக்குரிய கட்டுப்பாட்டுக் கரைசலை ஒரு துளி இட்டுப் பாருங்கள். குப்பியில் குறிப்பிட்ட வரம்புக்குள் எண் வராவிட்டால், பட்டையோ கருவியோ பழுதாகியிருக்கலாம்.

சில வேளைகளில் கோளாறு பட்டையில் இருக்காது. கடுமையான இரத்தச்சோகை உள்ளவர்களுக்குப் பல கருவிகள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். இத்தகையவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. HI அல்லது LO என்று வந்தால், கருவி அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அதைப் பழுது என்று ஒதுக்கிவிடாமல் உடனே மறுபடி சோதித்து, அதே விடை வந்தால் மருத்துவ உதவி நாட வேண்டும்.

எண்ணும் உடலும் ஒத்துப்போகாவிட்டால் உடலையே முதலில் நம்புங்கள். இன்சுலின் போடும் ஒருவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறுகிறது, திரையோ 6.0 என்கிறது. அவரால் விழுங்க முடிந்தால், எண்ணுக்காகக் காத்திராமல் உடனே இனிப்பு பானம் கொடுங்கள். கை கழுவி மறுசோதனை செய்வது அதற்குப் பிறகு. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999 அல்லது, சிங்கப்பூரில், 995 எண்ணை அழையுங்கள்.