புழுக்கமான படுக்கையறைக்கு எந்த மின்விசிறி?

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இரவிலும் வியர்வை உலர்வதில்லை. மின்விசிறி அறையின் வெப்பத்தைக் குறைப்பதில்லை. உடலின் மேல் காற்றை ஓட்டி, வியர்வையை ஆவியாக்கியே குளிர்ச்சி தருகிறது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, காற்றளவை. பெட்டியின் மேல் அது நிமிடத்துக்கு இத்தனை கன மீட்டர் என்று அச்சிடப்பட்டிருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 1200 மி.மீ. விசிறியே பொருத்தம், அதில் 220 அளவு இருந்தால் நல்லது. சுழற்சி வேகம் அதிகம் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. இறக்கையின் சாய்வு குறைந்தால் சத்தம்தான் மிஞ்சும்.

அடுத்தது மோட்டார். பழைய இண்டக்ஷன் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் ஏறக்குறைய அதே காற்றை 30 வாட்டில் தரும். நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டில் 300 நாள் ஓடினால் முன்னது 225 யூனிட், பின்னது 90 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் 810 ரூபாய். விலை 1,500 ரூபாய் கூடுதலானாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் ஈடாகிவிடும். விருந்தினர் அறைபோல எப்போதாவது சுழலும் விசிறிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பிஎல்டிசி விசிறியைச் சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டர் வழியாக இணைக்கக் கூடாது. அப்படி இணைத்தால் வேகம் தடுமாறும், உள்ளிருக்கும் மின்னணுப் பலகையும் கெடக்கூடும். ரெகுலேட்டரை நீக்கி நேரடியாகச் சுவிட்சில் கொடுத்துவிட்டு, வேகத்தை ரிமோட்டில் மாற்றுவதே முறை.