வரவுப் பக்கத்திலிருந்து படியுங்கள்

நகராட்சி பட்ஜெட் நிறைவேறிய மறுநாள் செய்தித்தாளில் புதிய பூங்காவும் மார்க்கெட் கட்டடமும் தலைப்பாகின்றன. உங்கள் தெருவுக்குக் கால்வாய் வருமா வராதா என்பதோ, அதற்குப் பல வாரங்கள் முன்பே, வரிவசூலை எவ்வளவு என்று மதிப்பிட்டார்களோ அப்போதே பெருமளவு முடிவாகிவிடுகிறது.

தமிழ்நாட்டு நகராட்சிகளுக்கு நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே பொறியியல், பொது சுகாதாரம், நகரமைப்பு, வருவாய், பொது நிர்வாகம் ஆகிய பிரிவுகளிடம் ஆணையர் மதிப்பீடு கேட்பார். ஒவ்வொரு இனத்துக்கும் அவர்கள் தரவேண்டியவை நான்கு: சென்ற ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டு பட்ஜெட்டில் போட்ட தொகை, இதுவரை நடந்ததைப் பார்த்துத் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்கட்டணத்தைப் பொறியியல் பிரிவு சொல்லும். குப்பை வண்டிகளின் டீசலையும் தூய்மைப் பணி ஒப்பந்தத் தொகையையும் சுகாதாரப் பிரிவு சொல்லும். கூடுதலாகக் கேட்டால்தான் கொஞ்சமாவது கிடைக்கும் என்று எல்லாப் பிரிவும் ஏற்றியே கேட்கும். அதை வெட்டுவது கடினமான வேலை அல்ல. பழைய ரசீதுகளே போதும்.

கடினமானது வரவு. சொத்துவரிக்கு வருவாய்ப் பிரிவு வைத்திருக்கும் பட்டியலில் கேட்பு, வசூல், நிலுவை என மூன்று எண்கள் இருக்கும். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நகராட்சியின் ஆண்டுக் கேட்பு 4 கோடி, பழைய நிலுவை 2 கோடி, ஆக மொத்தம் 6 கோடி ரூபாய் வரவேண்டும். சென்ற ஆண்டு வந்தது நடப்பில் 3 கோடியே 20 லட்சம், நிலுவையில் 50 லட்சம், மொத்தம் 3 கோடியே 70 லட்சம். நிலுவையில் ஒரு பகுதி நீதிமன்ற வழக்கில் கிடக்கும். ஒரு பகுதி மூடிய ஆலையின் பெயரிலும், இடித்துவிட்ட வீட்டின் பழைய வரிவிதிப்பு எண்ணிலும் இருக்கும். நேர்மையான மதிப்பீடு 4 கோடியைத் தாண்டாது. ஆனால் கவுன்சிலர்கள் கேட்ட வேலைகளையெல்லாம் பட்டியலில் சேர்த்தபின் கணக்குப் பொருந்தாவிட்டால், 'இந்த முறை வசூலைத் தீவிரப்படுத்துவோம்' என்று சொல்லி 5 கோடியே 50 லட்சம் என்று எழுதிவிட முடியும். தாளில் உபரி பட்ஜெட் பிறந்துவிடும்.

வராத ஒன்றரைக் கோடியை ஆண்டுக்குள் யாராவது இழந்தாக வேண்டும். சம்பளத்தையோ ஓய்வூதியப் பங்களிப்பையோ கடன் தவணையையோ நிறுத்த முடியாது. மின்கட்டணத்தையும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தரவேண்டியதையும் தள்ளிப்போடலாம். அது அடுத்த ஆண்டுக் கடனாக வந்து நிற்கும். கடைசியில் வெட்டுப்படுவது வார்டுச் சாலையும் கால்வாயும்தான். வேலை முடித்த ஒப்பந்ததாரருக்கும் பில் பாக்கி நிற்கும். அடுத்த டெண்டரில் அவர் விலையை ஏற்றிக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரிவுகளின் தாள்களைக் கணக்கர் ஒன்றுசேர்க்கும்போது எல்லாம் ஒரே பெட்டியில் விழுவதில்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என மூன்று கணக்குகள் தனித்தனியே நிற்கும். கல்வி நிதியில் பணம் மிஞ்சுகிறதே, அதில் சாலை போடலாமே என்றால் கூடாது, அது பள்ளிக்கூடங்களுக்கானது. 'இத்தனை கோடி உபரி' என்று மொத்தமாகச் சொல்வதை நம்பும் முன் எந்த நிதியில் உபரி என்று கேட்கவேண்டியது இதனால்தான்.

ஆணையர் சரிபார்த்த வரைவு நகர்மன்றக் கூட்டத்தில் வைக்கப்படும். உறுப்பினர்கள் விவாதித்து, திருத்தம் இருந்தால் செய்து, தீர்மானமாக நிறைவேற்றுவார்கள். இந்த விவாதம் இல்லாமலே பட்ஜெட்டுகள் போன காலமும் உண்டு. 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும்வரை தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். தயாரித்த நிர்வாகமே ஒப்புதலும் தந்தது. தேர்ந்தெடுத்த மன்றம் இருக்கும் இப்போதும் கேள்வி கேட்காமல் கையைத் தூக்கினால், அந்தக் காலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

தீர்மானம் நிறைவேறியதால் வேலை தொடங்கிவிடாது. ஒவ்வொரு வேலைக்கும் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி எனத் தனிப் படிகள் உண்டு. பட்ஜெட்டில் பெயர் இருப்பது செலவழிக்க இடம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று.

உங்கள் கவுன்சிலரிடம் பட்ஜெட் நகலைக் கேளுங்கள். சொத்துவரி வரியில் சென்ற ஆண்டு போட்ட மதிப்பீட்டையும் உண்மையில் வசூலானதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்து, புதிய ஆண்டுக்கு அதைவிடப் பெரிய எண்ணை எழுதியிருந்தால், கூடுதல் பணம் எந்தக் கட்டடங்களிலிருந்து வரப்போகிறது என்று மன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள்.