சாக மறுக்கும் செல்

கடும் வெயிலில் கன்றிய தோல் சில நாளில் உரிகிறது. புற ஊதாக் கதிரால் டிஎன்ஏ சிதைந்த செல்கள் பல, தம்மைத் தாமே அழித்துக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம்.

சிதைவு சரிசெய்ய முடியாத அளவுக்குப் போனால், பி53 என்ற புரதம் அழிவுக்கான புரதங்களைத் தூண்டிவிடுகிறது. அவற்றில் ஒன்றான பாக்ஸ், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளையிடுகிறது. அதன் வழியே சைட்டோகுரோம் சி கசிய, காஸ்பேஸ் நொதிகள் விழித்துக்கொண்டு செல்லை உள்ளிருந்தே துண்டாடுகின்றன. துண்டுகளை அண்டைச் செல்கள் விழுங்கிவிடும். வீக்கமோ சீழோ வராது.

பாக்ஸுக்குக் கடிவாளம் பிசிஎல்-2 என்ற புரதம். ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயில் பெரும்பாலும் 14, 18ஆம் குரோமோசோம்கள் முறிந்து இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பிசிஎல்-2 அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது.

1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸ் குழுவினர் ஒரு வியப்பைக் கண்டனர். இந்த மரபணு செல்களை வேகமாகப் பெருக்கவில்லை. வளர்ச்சிக் காரணியை நிறுத்திய பிறகும் அவற்றைச் சாகவிடாமல் காத்தது. செல் பெருகுவதால் மட்டுமல்ல, சாகாமல் தங்குவதாலும் புற்று உருவாகலாம் என்பது தெளிவானது.

பிசிஎல்-2ஐ அடைக்கும் வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரை, ஒருவகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பி53 பழுதான நோயாளிகளுக்கும் அது பலனளித்தது. ஆனால் சில செல்கள் எம்சிஎல்-1 என்ற இன்னொரு காப்புப் புரதத்தைப் பற்றிக்கொண்டு மருந்துக்கும் தப்புகின்றன.