பாதி வந்த ஃபைல்

மருந்துக்கடைச் சங்கிலி ஒன்றின் இணையதளத்தில் ஒரு மாத்திரையின் பெயரைத் தட்டினால் ‘இருப்பு உண்டு’, ‘இல்லை’ என்று காட்டுகிறது. அந்தத் தகவலில் பெரும்பகுதி கடைக்காரரிடம் இருந்து வருவதில்லை. அவருக்குச் சரக்கு தரும் ஸ்டாக்கிஸ்ட்டுகள் இரவுக் கணக்கை முடித்ததும், கையிருப்புப் பட்டியலை ஒரு ஃபைலாகப் பொது ஃபோல்டரில் போடுகிறார்கள். கடைக்காரரின் கணினி விடியுமுன் அவற்றை எடுத்து, பழைய கணக்கை நீக்கிப் புதியதைப் பதிகிறது. இதைத்தான் ‘ரெஃப்ரெஷ்’ என்கிறார்கள். வங்கி, காப்பீடு, விமான டிக்கெட் என்று பல தொழில்களிலும் இதே ஏற்பாடு உண்டு.

ஒரு கணக்குக்கு, ஸ்டாக்கிஸ்ட் ஒருவரிடம் 48,210 மருந்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மருந்துக்கு ஒரு வரி. இரவு 1.50-க்கு அவர் கணினி ஃபைலை அனுப்பத் தொடங்குகிறது. அன்றைக்கு இணைப்பு மந்தம். சரியாக 2 மணிக்குக் கடைக்காரரின் நிரல் ஃபோல்டரைத் திறக்கிறது. அப்போது 31,900 வரிகள்தான் வந்து சேர்ந்திருக்கின்றன.

இப்போது எந்தப் பிழைச் செய்தியும் வராது. சிக்கலே அதுதான். பாதி ஃபைலும் பார்வைக்கு முழு ஃபைல் மாதிரியே இருக்கும். பெயர் சரி, தலைப்பு வரி சரி, உள்ளே இருக்கும் வரிகளும் சரி. நிரல் அதை மகிழ்ச்சியாகப் படித்து, முந்தைய நாள் கணக்கை அழித்து, இதைப் பதிந்துவிடும். மீதி 16,310 மருந்துகள் காலையில் ‘இருப்பு இல்லை’ ஆகிவிடும். கடைசி வரி எங்கே அறுந்தது என்பதும் முக்கியம். கையிருப்பு 120 என்ற எண்ணின் நடுவில் அறுந்திருந்தால் 12 என்று பதிவாகும். அதையும் யாரும் தவறு என்று சொல்ல முடியாது.

காலையில் வழக்கமாக நடக்கும் பேச்சு இது. “அண்ணே, உங்க ஃபைல் பாதிதான் வந்திருக்கு.” “இங்க ‘அனுப்பியாச்சு’ன்னுதானே தம்பி காட்டுது?” இரண்டு பேர் சொல்வதும் உண்மை. 2 மணி வரை பாதி, 2.20-க்கு முழுசு.

சரி, ஃபைல் வந்து முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலர் முதலில் செய்வது அளவைப் பார்ப்பது. ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, அளவு மாறாவிட்டால் எடுத்துக்கொள்வார்கள். இணைப்பு பத்து நிமிடம் தொங்கினால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதை நம்பலாம்.

இதைவிட நல்லது பெயர் மாற்றும் முறை. அனுப்புபவர் `stock_20250314.csv.part` என்ற பெயரில் ஃபைலை ஏற்றுகிறார். முழுவதும் ஏறிய பிறகுதான் `.part` வாலை நீக்குகிறார். எடுப்பவர் `.csv` என்று முடியும் ஃபைல்களை மட்டும் தொடுகிறார். ஒரே வட்டுக்குள் பெயர் மாற்றுவது ஒரே நொடியில் நடந்துவிடும். பாதிப் பெயர் மாறிய நிலை என்று ஒன்று கிடையாது. வேறொரு வட்டுக்கு ‘நகர்த்தினால்’ அது உண்மையில் நகலெடுப்பது. அப்போது மறுபடி பாதி ஃபைல் கண்ணில் படும்.

பெயர் மாற்றம் ‘ஏற்றி முடித்தேன்’ என்பதை மட்டுமே சொல்லும். என்ன ஏற்றினார் என்பதைச் சொல்ல இன்னொரு சின்ன ஃபைல் வேண்டும். லாரியில் சரக்கு வந்தால் டெலிவரி சலானை வைத்துக்கொண்டு பெட்டிகளை எண்ணுகிறோமே, அதேபோல:

```
file=stock_20250314.csv
rows=48210
qty_total=913472
```

வரிகள் இத்தனை, எல்லாக் கையிருப்பையும் கூட்டினால் இவ்வளவு. எடுப்பவர் தன் பக்கம் எண்ணிக் கூட்டிப் பார்த்து, இரண்டும் ஒத்தால்தான் அடுத்த வேலைக்குப் போவார். இந்தச் சலான் ஃபைலைக் கடைசியாக அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் அனுப்பினால் சின்னது முந்திக்கொள்ளும். எண்ணுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. மருந்தின் குறிப்பில் யாராவது என்டர் தட்டியிருந்தால் ஒரு பதிவு இரண்டு வரியாகத் தெரியும். தலைப்பு வரியைச் சேர்த்து எண்ணுவதா, விடுவதா என்பதிலும் குழப்பம் வரும். எனவே எண்ண வேண்டியது வரிகளை அல்ல, பதிவுகளை.

ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று உறுதி செய்ய ‘செக்சம்’ என்ற கைரேகை இருக்கிறது. அனுப்புபவர் அதைக் கணக்கிட்டுத் தனி ஃபைலில் தந்தால், எடுப்பவர் ஒரே கட்டளையில் சோதிக்கலாம்:

```
sha256sum -c stock_20250314.csv.sha256
```

`OK` என்று வந்தால் நிம்மதி என்று பலர் நினைக்கிறார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் நிம்மதி அடைய மாட்டேன். செக்சம் சொல்வது, அனுப்பியது அப்படியே வந்தது என்பதை மட்டும்தான். ஸ்டாக்கிஸ்ட்டின் மென்பொருள் பட்டியல் எடுக்கும்போதே நடுவில் நின்றுபோயிருந்தால், அந்தப் பாதிப் பட்டியலுக்கும் கச்சிதமான செக்சம் கிடைக்கும். அவர் அந்த அறுந்த ஃபைலையே எண்ணி `rows=31900` என்று சலானில் எழுதியிருந்தால் அதுவும் ஒத்துப்போகும். எண்ணிக்கை அவருடைய மூலக் கணக்கிலிருந்து நேரடியாக வர வேண்டும். ஃபைலைப் பார்த்து எழுதிய எண்ணிக்கை சாட்சி ஆகாது. அதற்கு மேல் நேற்றைய எண்ணிக்கையோடு ஒப்பிடலாம். நேற்று 48,000 சொச்சம் வந்த இடத்தில் இன்று 31,900 என்றால், இயந்திரம் நின்று ஒரு மனிதரைக் கூப்பிடட்டும்.

அமெரிக்க வங்கிகள் சம்பளம், பில் தொகைகளைப் பரிமாறும் ‘ஏசிஹெச்’ ஃபைலில் இந்தச் சலான் உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பதிவும் 94 எழுத்து நீளம். 9 என்று தொடங்கும் முடிவுப் பதிவில் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை, பற்று, வரவுத் தொகைகளின் கூட்டல் எல்லாம் உண்டு. வங்கி எண்களைக் கூட்டி வரும் ஒரு தொகையும் அதில் இருக்கிறது. கணக்கில் அந்தத் தொகைக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஒரு வங்கி எண் மாறினால் அது காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காகவே கூட்டுகிறார்கள். பாதியில் அறுந்த ஃபைலில் இந்த முடிவுப் பதிவே இருக்காது. கடைசி வரை படித்ததுமே தெரிந்துவிடும்.

சோதனை முடிந்த பிறகும் பழைய கணக்கை அவசரப்பட்டு அழிக்கக் கூடாது. புதியதை முதலில் ஒரு தற்காலிக அட்டவணையில் இறக்கி, எண்ணிப் பார்த்து, பிறகு ஒரே மூச்சில் மாற்ற வேண்டும்:

```
BEGIN;
DELETE FROM stock WHERE stockist = 'A';
INSERT INTO stock
  SELECT * FROM stock_stage WHERE stockist = 'A';
COMMIT;
```

நடுவில் மின்சாரம் போனாலும் பழைய கணக்கு அப்படியே நிற்கும். `stockist = 'A'` என்பதைக் கவனியுங்கள். பத்து ஸ்டாக்கிஸ்ட்டுகளில் ஒருவருடையது வராவிட்டால் அவருடைய பழைய கணக்கு மட்டும் இருக்கட்டும், மற்ற ஒன்பதும் புதுப்பிக்கப்படட்டும். பக்கத்தில் ‘நேற்று இரவு நிலவரம்’ என்று போட்டுவிட்டால் போதும். தேதி போட்ட பழைய கணக்கு, தேதி இல்லாத அரைகுறைப் புதுக் கணக்கைவிட நூறு மடங்கு மேல்.

ஃபைலே வராத நாளைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். விடுமுறை என்றால் தலைப்பு வரி மட்டும் உள்ள ஃபைலும் `rows=0` என்ற சலானும் வரட்டும். ஒன்றுமே வராததைக் ‘கையிருப்பு பூஜ்யம்’ என்று நிரல் எடுத்துக்கொள்ள விடக் கூடாது. எடுத்து முடித்த ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுவதும் நல்லது. இல்லாவிட்டால் மறுநாள் இரவு நேற்றைய ஃபைலையே எடுத்து, எல்லாச் சோதனையிலும் தேறி, சத்தமில்லாமல் பதிந்துவிடும்.

உங்கள் நிறுவனத்திலும் இப்படி ஒரு ஃபோல்டர் இருந்தால், நாளைக்கே ஃபைல் அனுப்பும் கூட்டாளியைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: சலானில் இருக்கும் அந்த எண்ணிக்கையை அவர் எங்கிருந்து எடுக்கிறார் என்று.