பெர்மிட் முடியும் தேதியை முதல் வரியில் எழுதுங்கள்

சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்யும் நம் ஊர்க்காரர்கள் நிறுவனம் மாறுவதற்காக அனுப்பும் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. 'மதிப்பிற்குரிய ஐயா, எனக்குப் பத்து வருட அனுபவம் இருக்கிறது, கடினமாக உழைப்பேன், வாய்ப்புத் தாருங்கள்' என்று எழுதி, கூடவே பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் படம் எடுத்து இணைத்துவிடுகிறார்கள். ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் அதைத் திறப்பவர் மனிதவளப் பிரிவு எழுத்தரோ, திட்ட மேலாளரோ. அவருக்குத் தெரியவேண்டியது மூன்றுதான். இந்த ஆளை எந்தத் தேதியில் எடுக்க முடியும், எடுத்தால் மாதம் எவ்வளவு செலவாகும், எந்த வேலையில் நிறுத்தலாம்? அந்தக் கடிதத்தில் இந்த மூன்றுக்கும் பதில் கிடையாது.

பலகை அடைக்கும் தச்சர் ஒருவரை வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் சென்ட்ரிங் என்பார்கள், அங்கே ஃபார்ம்வொர்க். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், சிங்கப்பூரில் எட்டு வருடம் ஆகிறது, ஒர்க் பெர்மிட் அக்டோபர் 18ஆம் தேதி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம்.

கட்டுமானத் துறையில் இருப்பவர், பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் இருக்கும்வரை, இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புதிய நிறுவனத்துக்கு மாறலாம். அதற்கு முன்பாகவே மாறவேண்டுமானால் முதலாளி சம்மதிக்க வேண்டும். நம் தச்சருக்குக் கணக்குப் போட்டால் அந்த இடைவெளி செப்டம்பர் 8 முதல் 27 வரை. புதிய ஒப்பந்தக்காரர் இந்த நாட்களுக்குள் மனிதவள அமைச்சில் விண்ணப்பம் போட்டாக வேண்டும். செப்டம்பர் 25ஆம் தேதி வந்து சேரும் மின்னஞ்சலை, ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எழுத்தர் ஒதுக்கிவிடுவார். ஆகஸ்ட் நடுவில் அனுப்பிவிட வேண்டும், பெர்மிட் முடியும் தேதியைத் தலைப்பிலேயே போட வேண்டும். 'ஃபார்ம்வொர்க் கார்பென்டர், ஹையர் ஸ்கில்டு, பெர்மிட் முடிவு அக்டோபர் 18' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி போதும். 'வேலைக்கு விண்ணப்பம்' என்ற தலைப்பில் அன்று காலையே அவருக்குப் பல மின்னஞ்சல்கள் வந்திருக்கும்.

தலைப்பில் உள்ள 'ஹையர் ஸ்கில்டு' என்ற சொல் பெருமைக்காக எழுதுவதல்ல, அதில் பணம் இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து, கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் இந்தியத் தொழிலாளிக்கு நிறுவனம் அரசுக்குக் கட்டும் மாத லெவி, உயர்திறன் நிலையில் இருந்தால் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் நிலையில் இருந்தால் 900 வெள்ளி. ஒரே ஆளுக்கு மாதம் 400 வெள்ளி வித்தியாசம். தவிர, பெர்மிட்டில் இருக்கும் கட்டுமான ஆட்களில் குறைந்தது பத்தில் ஒருவராவது உயர்திறன் நிலையில் இல்லையென்றால், அந்த நிறுவனம் அடிப்படை நிலை ஆட்களைப் புதிதாக எடுக்க முடியாது. அதனால் உயர்திறன் ஆளைத் தேடிக்கொண்டே இருக்கும் நிறுவனங்கள் உண்டு. இவ்வளவு மதிப்புள்ள விஷயத்தை நம் ஆட்கள் பலர் கடிதத்தில் சொல்வதே இல்லை.

அந்த நிலை எந்த வழியில் வந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கோர்டிரேட் பதிவு என்றால் எந்தத் தொழிலில் பதிவு, எப்போது முடிகிறது என்று எழுதுங்கள். ஆறு வருட அனுபவமும், மாத நிலைச் சம்பளம் குறைந்தது 1,600 வெள்ளியும் இருந்ததால் கிடைத்தது என்றால், அதையும் குறிப்பிடுங்கள். இந்த வழியில் வந்தவர் நிலைச் சம்பளம் குறைத்துச் சேர்ந்தால் அந்த நிலையே சிக்கலாகிவிடும். ஆகவே எதிர்பார்க்கும் சம்பளத்தை எழுதும்போது நிலைச் சம்பளம் தனி, ஓவர்டைம் தனி என்று பிரித்து எழுதுவது இரு தரப்புக்கும் நல்லது. எல்லாவற்றையும் கூட்டி 'கைக்கு 2,000 வேண்டும்' என்று எழுதினால் எழுத்தரால் அதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

இனி வேலை. எட்டு வருட அனுபவம் என்றால் எதில்? அலுமினிய ஃபார்ம்வொர்க்கை பின்னும் ஆப்பும் அடித்துப் பூட்டத் தெரிந்தவருக்கு, மரச்சட்டமும் பிளைவுட்டும் வைத்து வளைந்த சுவருக்கு அடைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அடித்தளச் சுவருக்கு டை ராடு போட்டு அடைப்பது ஒரு வேலை, உயர்ந்த கூரைக்கு முட்டுக் கொடுத்து அடைப்பது வேறு வேலை. எனவே கடைசி இரண்டு மூன்று தளங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் எழுதினால் போதும். இப்படி: 'குடியிருப்புக் கட்டடம், 2021 முதல் 2023 வரை. அலுமினிய ஃபார்ம்வொர்க், சுவர், பீம், ஸ்லாப் மூன்றும். எட்டுப் பேர் குழுவில் வரைபடம் பார்த்துக் கிக்கர் வைப்பதும், கான்கிரீட் ஊற்றுமுன் தூக்குக்குண்டும் லெவலும் சரிபார்ப்பதும் என் பொறுப்பு.'

இதைப் படிக்கும் மேலாளருக்கு ஆள் யாரென்று பிடிபட்டுவிடும். கிக்கர் வைப்பவர் என்றால் கோடு பிடிக்கத் தெரிந்தவர். அதில் அரை அங்குலம் விலகினால் மேலே சுவர் முழுவதும் விலகும் என்பது அவருக்குத் தெரியும். தெரியாத வேலையைத் தெரியும் என்று எழுதினால் முதல் வாரத்திலேயே வெளிப்பட்டுவிடும். பலகைச் சந்து சரியாக மூடாமல் சிமெண்ட் பால் ஒழுகிய இடம், பலகை கழற்றியதும் தேன்கூடு போலச் சல்லி தெரிய நிற்கும். அதை யாராலும் மறைக்க முடியாது.

படம் அனுப்பலாம், இரண்டு போதும். பலகை கழற்றிய பிறகு எடுத்த, விளிம்பு கூர்மையாகத் தெரியும் தூண் ஒன்று, ஊற்றுவதற்கு முன் அடைத்து முடித்த சுவர் ஒன்று. படத்தில் ஹார்னஸ் மாட்டாமல் உயரத்தில் யாராவது நின்றால் அந்தப் படம் உங்களுக்கு எதிராகவே பேசும். படம் எடுக்கத் தடை உள்ள தளத்துப் படத்தை அனுப்பினால் இன்னும் மோசம். 'என் தளத்திலும் இதையே செய்வான்' என்றுதான் நினைப்பார்கள்.

இணைப்பாகத் திறன் தேர்வுச் சான்றிதழ், கோர்டிரேட் சான்று, பாதுகாப்புப் பயிற்சி, உயர வேலைப் பயிற்சி ஆகியவற்றின் நகல்களை ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, `Formwork_Carpenter_Certificates.pdf` என்பதுபோலப் பெயர் வைத்து அனுப்புங்கள். போனில் எடுத்த பன்னிரண்டு படங்கள் எண்களைப் பெயராகக் கொண்டு தனித்தனியாகப் போனால் எழுத்தர் மூன்றாவதோடு நிறுத்திவிடுவார். காலாவதியான பயிற்சி இருந்தால் காலாவதி என்றே எழுதலாம். அதைப் புதுப்பிப்பது பெரிய விஷயமில்லை. பாஸ்போர்ட், பெர்மிட் அட்டை நகல்கள் முதல் கடிதத்தில் வேண்டாம். எடுப்பதாக முடிவு செய்து விண்ணப்பம் போடும்போதுதான் அவை தேவை. அதற்கு முன் முகம் தெரியாதவர் கையில் அவை சேர்வதில் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை.

விசாரிப்பதற்கு ஒரு ஃபோர்மேனின் எண்ணைக் கொடுக்கலாம், அவரிடம் கேட்டுவிட்டு. இப்போதைய நிறுவனத்துக்கு நீங்கள் மாறப்போவது தெரியாது என்றால், பழைய தளத்து ஃபோர்மேனே பாதுகாப்பு.

பதில் வந்தால் இரண்டு விஷயத்தில் உஷார் வேண்டும். வேலை தருவதற்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவது சிங்கப்பூர்ச் சட்டப்படி குற்றம்; 'சேர்ப்புக் கட்டணம்' கேட்கும் பதிலோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். இன்னொன்று, 'ஞாயிற்றுக்கிழமை தளத்துக்கு வா, ஒரு நாள் வேலை செய்து காட்டு, கூலி தருகிறேன்' என்ற அழைப்பு. பெர்மிட்டில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அதற்கு மட்டுமே வேலை செய்ய அனுமதி. நேரில் பார்க்கப் போகலாம், வரைபடத்தைக் கொடுத்துக் கேட்டால் விளக்கலாம். சுத்தியலைக் கையில் எடுப்பது புதிய பெர்மிட் வந்த பிறகுதான்.