துரைப்பாக்கத்திலிருந்து எழுதுவது: மழைநாள் நெரிசல் படத்துக்கு ஒரு வரி

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் சென்னையின் செல்பேசிகளில் ஒரே மாதிரிப் படம் திரும்பத் திரும்ப வரும். கண்ணாடியில் வழியும் நீர், அதற்குப் பின்னால் கலங்கித் தெரியும் சிவப்பு விளக்குகள், ரெயின்கோட் போட்ட இருசக்கர வாகனக்காரர்கள், இருபுறமும் படுதா இறக்கிய ஆட்டோ. படம் எடுத்தவர் அதன் கீழே ஒரு வரி எழுத வேண்டும். எரிச்சலோடு எடுத்த படத்தைப் பார்ப்பவர் சிரிப்பாரா, ‘ஐயோ பாவம்’ என்று தள்ளிவிட்டுப் போவாரா என்பதை அந்த வரிதான் முடிவு செய்கிறது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய மகாபலிபுரம் சாலை, மாலை ஆறே முக்கால். சோழிங்கநல்லூரிலிருந்து மத்திய கைலாஷ் நோக்கிப் போகும் பேருந்து துரைப்பாக்கத்தில் நிற்கிறது. முன் இருக்கையில் இருக்கும் பயணி கண்ணாடி வழியாகப் படம் எடுக்கிறார். சற்றுத் தொலைவில் சிவப்பில் நிற்கும் சிக்னல் தெரிகிறது.

முதலில் கைக்கு வரும் வரி ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: “சென்னை மழை, டிராஃபிக், முடியல!” இதில் பொய் இல்லை. ஆனால் மழையும் நெரிசலும் படத்திலேயே இருக்கின்றன. ‘முடியல’ என்பதும் பார்த்த மாத்திரத்தில் புரிகிறது. கண் ஏற்கெனவே அறிந்ததை வரி மறுபடி சொல்கிறது. படக்குறிப்பின் வேலை படத்தில் இல்லாததைத் தருவது. எவ்வளவு நேரமாக நிற்கிறது, எங்கே போக வேண்டும், உள்ளே இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது ஆகிய மூன்றையும் எந்தக் கேமராவும் பிடிக்காது.

அடுத்த முயற்சி பெரும்பாலும் மிகைப்படுத்தல்: “வீடு போய்ச் சேர ஒரு யுகம் ஆகும்.” நேரம் என்ற புதுச் செய்தி உள்ளே வந்துவிட்டது. ஆனால் ‘யுகம்’ தேய்ந்துபோன சொல். எந்தக் காத்திருப்புக்கும் பொருந்தும். ரேஷன் கடை வரிசைப் படத்தின் கீழ் வைத்தாலும் இதே வரி நிற்கும் என்றால், அது இந்தப் படத்துக்கு உரியது அல்ல. வரியைச் சோதிக்க எளிய வழியும் இதுதான்: வேறொரு படத்தின் கீழ் மனதுக்குள் வைத்துப் பார்ப்பது. அங்கேயும் இயல்பாக உட்கார்ந்தால் இன்னொன்று எழுத வேண்டும்.

மூன்றாவதாக இப்படி ஒன்று:

“துரைப்பாக்கத்திலிருந்து எழுதுவது. இங்கு யாவரும் நலம். பெருங்குடி நலமறிய ஆவல்.”

இங்கே எரிச்சலைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. மழை, டிராஃபிக் என்ற சொற்களும் இல்லை. அவற்றைப் படம் பார்த்துக்கொள்கிறது. கடிதம் எழுதிய காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்த தொடக்கம் அது. பம்பாய்க்கோ சிங்கப்பூருக்கோ போனவருக்கு எழுதப்பட்டது. ‘எழுதுவது’ என்றதும் வாசிப்பவர் மனம் பெரிய தூரத்தை எதிர்பார்க்கிறது. வந்து விழுவதோ இதே சாலையில் அடுத்து வரும் பெருங்குடி. எதிர்பார்த்த தூரத்துக்கும் உண்மைத் தூரத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. கூடவே, அந்த மழையில் அடுத்த ஊர் உண்மையிலேயே அயல்நாடு போலத் தொலைவாகிவிட்டது என்ற புகாரும் முழுதாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. எரிச்சல் எங்கும் போகவில்லை, குரல்தான் மாறியிருக்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறது. இவற்றில் எள்ளலுக்கு உரையாசிரியர் பேராசிரியர் இரண்டு வழிகள் காட்டுகிறார்: பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டுத் தான் சிரிப்பது மற்றொன்று. நெரிசல் படத்துக்கு இரண்டாவதே பொருந்துகிறது. மழையும் சாலையும் சேர்ந்து மாட்டிவைத்த மனிதர், மாட்டிக்கொண்ட தன்னையே பார்த்துச் சிரிக்கிறார். அதே சாலையில் நிற்கும் ஆயிரம் பேர் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள முடிகிறது. குறுக்கே புகுந்த ஆட்டோ ஓட்டுநரைக் கேலி செய்து எழுதினால் அவரும் அவரைப் போன்றவர்களும் வெளியே தள்ளப்படுகிறார்கள். எரிச்சலும் எரிச்சலாகவே தங்கிவிடுகிறது.

இந்த வரி கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. பெரும்பாலானவர் செய்வது விளக்கம் சேர்ப்பது. “துரைப்பாக்கத்திலிருந்து எழுதுவது. இங்கு யாவரும் நலம். பக்கத்தில் இருக்கும் பெருங்குடி நலமறிய ஆவல். அவ்வளவு டிராஃபிக்!” என்று எழுதியதும் உயிர் போய்விடுகிறது. பக்கம் என்பதை வாசிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பே சிரிப்பு. நடை கலப்பது இன்னொரு பிழை. கடிதத்துக்கு எழுத்துத் தமிழ்தான் குரல். “இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்” என்று பேச்சுத் தமிழுக்கு மாற்றினால் பொருள் மாறாது, கடிதம் மட்டும் காணாமல் போய்விடும். கடிதம் போனால் தூரமும் போயிற்று. மாறாக, பேச்சுக் குரலில் தொடங்கிய வரி பேச்சிலேயே முடிய வேண்டும்.

ஊர்ப்பெயரால் ஒரு சிக்கல் வருகிறது. பெருங்குடி எங்கே என்று தெரியாத மதுரைக்காரருக்கு இந்த வரி வெறும் நலம் விசாரிப்பு. அப்போது தூரத்தைப் படத்துக்குள்ளேயே தேட வேண்டும். சிக்னல் படத்தில் இருப்பதால் இப்படி மாற்றலாம்: “சிக்னலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எழுதுவது. இங்கு யாவரும் நலம். அந்தப் பக்கம் நலமறிய ஆவல்.” உள்ளூர் மணம் கொஞ்சம் குறைகிறது, ஆனால் தமிழ் தெரிந்த எவருக்கும் புரிகிறது. நண்பர்கள் குழுவுக்கு முதல் வடிவமும் ஊர் முழுக்கப் பார்க்கும் இடத்துக்கு இரண்டாவதும் ஏற்றவை.

எந்தப் படத்தின் கீழ் சிரிக்கக் கூடாது என்பதையும் வரி எழுதுமுன் பார்க்க வேண்டியிருக்கிறது. 2010-இல் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சிரிப்பைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஏதோ ஒன்று முறை தவறியிருக்க வேண்டும், ஆனால் அது தீங்கற்றதாகவும் தோன்ற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் பட்டால் சிரிப்பு வருகிறது என்பது அது. வீட்டுக்குத் தாமதமாகப் போவது தீங்கற்ற தவறு. படத்தின் ஓரத்தில் வழி கிடைக்காத ஆம்புலன்ஸ் ஒன்று நின்றால் அது தீங்கற்றது அல்ல. அதே கடித வரி அங்கே கொடுமையாகிவிடும். வழுக்கி விழுந்தவர் படத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

தண்ணீரின் அளவும் இதே கோட்டை நகர்த்துகிறது. சக்கரம் நனையும் தண்ணீர் வேறு, வீட்டுக்குள் புகும் தண்ணீர் வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னையில், பெருமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்துவோர் இருக்கிறார்கள். வரிசையாக நிற்கும் அந்தக் கார்களின் படத்துக்குக் காரின் சொந்தக்காரர் “மேம்பாலத்திலிருந்து எழுதுவது” என்று தொடங்கினால் அவருடைய பயத்தையும் சேர்த்தே சிரிக்கலாம். வெள்ளம் எட்டாத மேட்டில் வசிப்பவர் அதே சொற்களை எழுதினால், பேராசிரியர் சொன்ன முதல் வகை எள்ளலாக அது மாறிவிடுகிறது.